கணக்குத்தாளின் நடுத்தலைப்பு: 'தேவை' பொருந்துமா?

கதிர்:
வணக்கம். இயந்திர உறுப்பு வடிவமைப்பு விரிவுரை ஒன்றை எடுத்துக்காட்டுக் கணக்குத்தாளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கிவன், ரிக்வயர்டு, சொல்யூஷன் என்று மூன்று பகுதிகள். முதலாவதற்குத் 'தரப்பட்டவை', கடைசிக்குத் 'தீர்வு' என்று வைத்துவிட்டேன். நடுவில் 'தேவை' போடலாமா? கணக்கு இதுதான்: நிமிடத்துக்கு 400 சுற்றில் 20 கிலோவாட் கடத்தும் எஃகுத் தண்டு, அனுமதிக்கும் வெட்டுத் தகைவு 40 மெகாபாஸ்கல். தண்டின் விட்டம் எவ்வளவு?

மல்லிகா:
'தேவை' வேண்டாம், கதிர். வடிவமைப்பில் தேவை என்றால் தண்டு செய்ய வேண்டிய வேலை. 20 கிலோவாட் கடத்த வேண்டும் என்பதே தேவை, அதை நீங்களே தரப்பட்டவையில் எழுதியிருக்கிறீர்கள். விட்டத்துக்கு மேலே 'காண வேண்டியது' என்று போடுங்கள், யாரும் குழம்ப மாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த 40-ஐ யார் தந்தார்கள்? விரிவுரையில் ஆசிரியர் தேர்ந்தெடுத்த எண் அது. கொஞ்ச நேரம் கழித்து, "தண்டில் சாவிக்குப் பள்ளம் வெட்டுவோம், அதனால் கால் பங்கு குறைப்போம்" என்று 30-க்கு வந்திருப்பார். முறுக்குவிசை எப்படியும் 477.5 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் 40 வைத்தால் விட்டம் 39.3 மி.மீ., அதாவது 40 மி.மீ. தண்டு. 30 வைத்தால் 43.3, அப்போது 45 மி.மீ. எடுக்க வேண்டும். தாளின் மேலே 40 என்று இருந்து, தீர்வில் திடீரென்று 30 வந்தால் படிப்பவர் எதை நம்புவார்? இதற்குத் 'தெரிவு' என்று நான்காவது தலைப்பு வேண்டும், காரணத்தோடு.

சேவியர்:
அதற்குத்தான் 'எடுகோள்' இருக்கிறதே, அம்மா. புதுச்சொல் எதற்கு?

மல்லிகா:
பாதி சரி, தம்பி. சுமை சீராக இருக்கும், அதிர்ச்சி இல்லை என்பது எடுகோள். உண்மை வேறாக இருந்தால் அது பொய்யாகிவிடும். 30 என்று வைத்தது பொய்யாக முடியாது, அது வடிவமைப்பவர் எடுத்த முடிவு. வேறொருவர் வேறு எண் வைக்கலாம்.

செல்வி:
எங்கள் ஆசிரியர் 40 மி.மீ. என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தகைவைக் கண்டுபிடித்தார். அப்படியானால் விட்டம் தரப்பட்டவையில்தானே வரும்?

மல்லிகா:
ஆமாம், ஆனால் அது வடிவமைப்பில்லை, சரிபார்ப்பு. அங்கே காண வேண்டியது தகைவு. இதே முறுக்குவிசைக்கு 38 மெகாபாஸ்கல் வரும். 40 எல்லை என்றால் தண்டு தேறும், 30 என்றால் தேறாது. சூத்திரம் ஒன்றுதான் என்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். தாளின் தலைப்பிலேயே எது என்று எழுதிவிடுங்கள்.

கதிர்:
சரி, 'காண வேண்டியது' என்றே வைக்கிறேன். 'தெரிவு' எங்கே வர வேண்டும் என்பதுதான் புரியவில்லை. மேலே தனிப் பகுதியாக வைத்தால் தேடிப் பார்க்க எளிது. ஆனால் பள்ளம் வெட்டும் முடிவு விரிவுரையின் நடுவில்தான் வருகிறது.

சேவியர்:
முடிவு எடுக்கும் வரியிலேயே எழுதுங்கள். மேலே வைத்தால் அதுவும் தரப்பட்டது போலத்தான் தெரியும். சொல்லைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் 'எடுகோள்'தான்.