'1' எந்த நாணயத்தோடு நிற்கிறது? ரூபாயை டொலராக்கும் கணக்கு

ஸ்காபரோவுக்குப் புதிது: திருகோணமலை உவர்மலையில் அம்மாவின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற 150,000 ரூபாய் வேண்டும், குறையாமல் போய்ச் சேர வேண்டும். காசு அனுப்பும் கடையில் 1 கனடிய டொலர் = 215 ரூபாய் என்கிறார்கள். போனில் பார்த்தால் 1 ரூபாய் = 0.0046 டொலர் என்று வருகிறது. பெருக்குவதா, வகுப்பதா?

மட்டிக்களியான்: ரூபாயை டொலராக்கினால் வகுக்க வேண்டும் தம்பி. பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். அவ்வளவுதான்.

நிலாவெளி மாமா: வெள்ளிக்கிழமை அனுப்பாதே, திங்களில் அனுப்பு.

உப்புவெளி நாணயமாற்று: மாமா, எந்த நாளில் அனுப்புவது என்று தம்பி கேட்கவில்லை. மட்டிக்களி அண்ணா சொன்னது கடை வீதத்துக்குச் சரி, போனில் வந்ததற்குச் சரிவராது. நான் பார்ப்பது '1' எந்த நாணயத்தோடு நிற்கிறது என்பதைத்தான். தெரிந்த தொகையும் அதே நாணயத்தில் இருந்தால் பெருக்குவேன், மற்ற நாணயத்தில் இருந்தால் வகுப்பேன். தம்பிக்குத் தெரிந்த தொகை ரூபாயில். கடையில் '1' டொலரோடு நிற்கிறது, ஆகவே 150,000 ÷ 215 = 697.67 டொலர். போனில் '1' ரூபாயோடு நிற்கிறது, ஆகவே 150,000 × 0.0046 = 690 டொலர்.

ஸ்காபரோவுக்குப் புதிது: ஏன் அண்ணா இரண்டும் ஒன்றாக வரவில்லை?

உப்புவெளி நாணயமாற்று: போன் கடைசி இலக்கங்களை வெட்டிவிட்டது. 1 ஐ 215 ஆல் வகுத்தால் 0.00465116 என்று போகும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் 690 டொலரை நம்பிக் கட்டினால் அம்மாவுக்கு 148,350 ரூபாய்தான் கிடைக்கும். கடை சொல்லும் 215 ஐப் பிடித்து வகுத்துக்கொள். 697.67 கட்டினாலும் ஒரு ரூபாய் குறையும், 697.68 என்று போடு.

சூரிச் அக்கா: எனக்கு வேறு பிரச்சினை. கையில் 400 பிராங்க், பாரிஸில் இருக்கும் தங்கச்சிக்கு யூரோவாகக் கொடுக்க வேண்டும். 1 யூரோ = 0.93 பிராங்க் என்றார்கள். பெருக்கினேன், 372 வந்தது. பெருக்கினால் கூடும் என்றார்களே?

மட்டிக்களியான்: ஐயோ, அது ரூபாய்க் கணக்குக்குச் சொன்னது.

உப்புவெளி நாணயமாற்று: ஒன்றைவிடச் சிறிய எண்ணால் பெருக்கினால் குறையத்தான் செய்யும் அக்கா. கையில் பிராங்க், '1' நிற்பது யூரோவோடு. அதனால் வகுக்க வேண்டும்: 430.11 யூரோ. இங்கேதான் ஆபத்து. தம்பி தவறிப்போய்ப் பெருக்கியிருந்தால் மூன்று கோடி டொலருக்கு மேல் வந்திருக்கும், உடனே பிடிபடும். 372, 430 இரண்டுமோ நம்பக்கூடிய எண்கள். ஒரு யூரோ ஒரு பிராங்க்கைவிட மலிவு, ஆகவே 400 ஐவிடக் கூடுதலாக யூரோ கிடைக்க வேண்டும். அதை முதலில் யோசித்துவிட்டுக் கல்குலேட்டரைத் தொடுங்கள்.

ஸ்காபரோவுக்குப் புதிது: சரி அண்ணா. காசு அனுப்பும் கூலியை 697.68 க்குள் கழிப்பார்களா, மேலே கேட்பார்களா?

மட்டிக்களியான்: எனக்கு மேலேதான் கேட்டார்கள்.

சூரிச் அக்கா: எனக்கு உள்ளேயே கழித்தார்கள். ரசீதில் 'பெறுபவருக்குக் கிடைக்கும் தொகை' என்ன என்று கட்டுவதற்கு முன்பே கேள்.