அவுட்புட்டில் டிசி: தமிழில் என்ன பெயர் வைப்பது?

அம்பத்தூரிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். ஐடிஐ மாணவர்களுக்காக ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்று எழுதி வருகிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறது. நல்ல செட்டை ஆன் செய்தால் மூன்று நான்கு விநாடி கழித்து ரிலே ‘டிக்’ என்று ஒட்டும், அப்புறம்தான் ஸ்பீக்கருக்கு இணைப்பு கிடைக்கும். பழுதான செட்டில் அந்த டிக் வராது, அல்லது ஒட்டிய உடனே விட்டுவிடும். ரிச்சி தெருவில் இதை “ப்ரொடெக்‌ஷன்ல நிக்குது, அவுட்புட்ல டிசி வருது” என்பார்கள். முதல் பாதிக்குக் ‘காப்புநிலை’ என்று எழுதிவிட்டேன். இரண்டாம் பாதிக்கு ‘நேர்மின்னழுத்தம்’ சரியாக இருக்குமா?

மயிலாப்பூரிலிருந்து

காப்புநிலை நன்றாக இருக்கிறது. நேர்மின்னழுத்தம் வேண்டாம். நேர்மின்சுமை, எதிர்மின்சுமை என்று படித்த பையனுக்கு ‘நேர்’ என்றதும் பிளஸ்தான் மனதில் வரும். மீட்டரில் மைனஸ் 40 காட்டினால் அதை நேர்மின்னழுத்தம் என்று எப்படிச் சொல்வான்? பாடநூலில் உள்ள ‘நேர்த்திசை’யை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் குறையும். ஆனால் பழுதுக்கென்று தனிச்சொல் வேண்டுமானால் ‘கசிவழுத்தம்’ என்பேன். உள்ளே ஏதோ ஒரு கெப்பாசிட்டர் கசிந்துதானே டிசி வெளியே வருகிறது?

பெரம்பூரிலிருந்து

ஐயா, கசிவு என்பது ஒரு வகைக்குத்தான் பொருந்தும். இன்புட் கெப்பாசிட்டர் கசிந்தால் அவுட்புட்டில் டிசி வரும், உண்மை. ரிலே ஒட்டாத அளவுக்குப் பெரிதாக வரும் கேஸ்களில் நான் பார்த்தவரை அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்தான் அதிகம்.

சமீபத்தில் மேசைக்கு வந்த ஒரு ஸ்டீரியோ செட்டைச் சொல்கிறேன். சப்ளை பிளஸ் 42, மைனஸ் 42 வோல்ட். ஆன் செய்தால் டிக் இல்லை. ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. ஆகவே ஒயரோ ஸ்பீக்கரோ காரணமில்லை, பழுது உள்ளேதான். ரிலேக்கு முன்னால், போர்டு பக்கத்துக் காலில் மீட்டரை வைத்தேன். இடது சேனலில் 15 மில்லிவோல்ட், வலதில் மைனஸ் 41 வோல்ட். வலது சேனலின் பிளஸ் ஃபியூஸ் போயிருந்தது.

ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் போகும். காரணம் இதுதான்: மைனஸ் பக்க டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் அவுட்புட் மைனஸுக்கு இழுபடுகிறது. ஃபீட்பேக் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பார்த்து, பிளஸ் பக்க டிரான்சிஸ்டரை முழுதாகத் திறந்துவிடுகிறது. இப்போது இரண்டு சப்ளைக்கும் நடுவே நேர்வழி. அதனால்தான் பிளஸ் ஃபியூஸ் போனது. சப்ளை கெப்பாசிட்டர்களை வடித்துவிட்டுச் சோதித்தால் மைனஸ் பக்க டிரான்சிஸ்டர் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஷார்ட். ஜோடியாக இரண்டையும் மாற்றினேன். டிரைவர்களையும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் பார்த்துக்கொண்டேன். பிறகு 100 வாட் குண்டு பல்பை மெயின்ஸில் சீரிஸாகப் போட்டு ஆன் செய்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பிரகாசமாகவே நின்றிருக்கும். அவுட்புட்டில் 18 மில்லிவோல்ட். பல்பை எடுத்துவிட்டு ஆன் செய்ததும் நாலாவது விநாடியில் டிக்.

ஆக, 18 மில்லிவோல்ட்டும் டிசிதான், 41 வோல்ட்டும் டிசிதான். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதா என்பதையும் யோசியுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து

என்னிடமும் இதே போல ஒரு செட் இருக்கிறது. நான் ஸ்பீக்கர் டெர்மினலிலேயே அளந்தேன், சுத்தமாகப் பூஜ்யம். டிசியே இல்லாதபோது ரிலே ஒட்டவில்லை என்றால் ப்ரொடெக்‌ஷன் போர்டுதானே பழுது? ரிலே காலை ஒரு ஒயரால் ஷார்ட் செய்து ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அப்படியென்றால் ‘காப்புப் பிழை’ என்றும் ஒரு சொல் தேவைப்படும்.

பெரம்பூரிலிருந்து

தம்பி, அந்த ஒயரைப் போட்டுவிடாதீர்கள். ரிலே ஒட்டாதவரை டெர்மினலுக்கும் போர்டுக்கும் தொடர்பே இல்லை, அங்கே பூஜ்யம்தான் காட்டும். ரிலேக்கு முன்னால் அளக்க வேண்டும்.

8 ஓம் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 6 ஓம் வரும். அதில் 41 வோல்ட் டிசி விழுந்தால் 7 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட 280 வாட் வெப்பம். பாட்டு ஓடும்போது காயில் அசைவதால் காற்றுப் பட்டுக் கொஞ்சமாவது ஆறும். டிசியில் கோன் முன்னாலோ பின்னாலோ போய் அப்படியே நின்றுவிடும், சூடு காயிலிலேயே தங்கும். சில விநாடிகளில் புகை வரும்.

ப்ரொடெக்‌ஷன் போர்டே கெட்டுப்போவதும் உண்டு. ரிலேக்கு முன்னால் இரண்டு சேனலிலும் சில மில்லிவோல்ட்தான் இருந்து, அப்போதும் ரிலே ஒட்டவில்லை என்றால் அதைச் சந்தேகப்படலாம். அப்போது உங்கள் ‘காப்புப் பிழை’ பொருந்தும்.

வேளச்சேரியிலிருந்து

அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கார் ஸ்டீரியோவில் ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே 6 வோல்ட்டுக்கு மேல் டிசி வருகிறது. நான்கு ஸ்பீக்கருக்கும் அப்படித்தான், ஆனால் எல்லாம் நன்றாகப் பாடுகிறது. அப்படியானால் இது பழுதா, இல்லை கார் செட்டில் ப்ரொடெக்‌ஷனே கிடையாதா?

பெரம்பூரிலிருந்து

பழுது இல்லை. கார் செட்டில் பொதுவாக ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இரண்டு ஆம்ப்ளிஃபையர் இரு முனையிலிருந்தும் ஓட்டுகின்றன. இருப்பது ஒரே 12 வோல்ட் என்பதால் இரண்டு முனையும் பாதி சப்ளையில் நிற்கும். மீட்டரின் ஒரு காலைப் பாடியில் வைக்காமல் ஸ்பீக்கரின் இரண்டு ஒயருக்கும் நடுவே வையுங்கள், சில மில்லிவோல்ட்தான் காட்டும். ஸ்பீக்கருக்குத் தெரிவது அந்த வித்தியாசம் மட்டுமே. அந்த ஒயர் எதையும் பாடியில் பட விடாதீர்கள்.

மயிலாப்பூரிலிருந்து

அப்படியானால் கசிவழுத்தத்தை விட்டுவிடலாம். வேளச்சேரித் தம்பியின் கேள்வி ஒன்றைத் தெளிவாக்கியது: முக்கியம் அழுத்தத்தின் அளவல்ல, இருக்க வேண்டிய இடத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே. சிக்னல் இல்லாதபோதும் மாறாமல் நிற்பது, எந்தப் பக்கமும் தள்ளக்கூடியது. ‘நிலைவிலகல்’ எப்படி? பிளஸ் நிலைவிலகல், மைனஸ் நிலைவிலகல் என்று இரண்டும் இயல்பாக வரும்.

பெரம்பூரிலிருந்து

18 மில்லிவோல்ட்டுக்கு நிலைவிலகல் அழகாகப் பொருந்துகிறது. 41 வோல்ட்டுக்கு அது ரொம்ப மென்மையாக இருக்கிறதே. கையேட்டில் ‘விலகல்’ என்று படித்த பையன், ஒரு பிரீசெட்டைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று நினைப்பான். நான் கேஸைச் சொல்லும்போது “அவுட்புட் மைனஸில் ஒட்டிக்கொண்டது” என்பேன். அதிலிருந்து ஒரு சொல் வருமா பாருங்கள்.

அம்பத்தூரிலிருந்து

‘முனையொட்டல்’ என்று போட்டுப் பார்க்கிறேன். ஆனால் கெப்பாசிட்டர் கசிந்து 3 வோல்ட் மட்டும் வந்தாலே பல செட்டுகள் காப்புநிலைக்குப் போய்விடுகின்றன. அது நிலைவிலகலும் இல்லை, முனையொட்டலும் இல்லை. இப்போதைக்கு ரிலே ஒட்டும் அளவு வரை நிலைவிலகல் என்றும், அதற்கு மேல் ‘அவுட்புட் டிசி’ என்றும் எழுதுகிறேன். அளவு எடுக்கும் பக்கத்தில், மீட்டரை ரிலேக்கு முன்னால் வைக்கவும் என்ற வரியைக் கொட்டை எழுத்தில் சேர்த்துவிட்டேன். குரோம்பேட்டைத் தம்பி, அங்கே அளந்து என்ன வந்தது என்று எழுதுங்கள்.