புதுப்பிப்பு: ஆச்சிக்கு வந்த மோசடி அழைப்பு, புகார் எழுதியாச்சு

"ரெக்கார்டிங் இருக்குல்ல, அதையே கொடுத்தா போதாதா?" என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார்.

போதாது. மார்ச் 4 அன்று பாளையங்கோட்டை வீட்டுக்கு அழைப்பு வந்தது காலை 10.42-க்கு, பதிவு தொடங்கியதோ 10.49-க்கு. அந்த 7 நிமிடத்துக்கு ஆச்சியின் நினைவுதான் சாட்சி.

ஓய்வுபெற்ற ஏட்டு மாமா சொன்னபடி, "ஆச்சி சொன்னது", "பதிவில் கேட்பது" என்று பிரித்து எழுதினேன். 'மிரட்டினான்' என்று பொதுவாக எழுதாமல், பதிவின் 3-ஆம் நிமிடம் 20-ஆம் விநாடியில் அழைத்தவன் "போனை வச்சா கைது" என்றானே, அதை அப்படியே எழுதினேன்.

அத்தான் நகல் எடுக்கச் சொன்னது சரி, ஆனால் பேச்சில்லாத இடங்களை வெட்டச் சொன்னதை ஏற்கவில்லை. மூலக் கோப்பு தொடப்படாமல் ஆச்சி போனிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி இடையில் பார்சல் மோசடியில் தன் பணம் போன கதையை எடுத்தார், அவரை உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொன்னேன்.

எங்களுக்குப் பணம் போகவில்லை, cybercrime.gov.in-இல் பதிந்தாச்சு. போலீஸார் போனையே கேட்பார்களா என்பதுதான் இன்னும் தெரியவில்லை, ஆச்சிக்கு அதுதான் கவலை.