மின்செலவு விளக்கக் குறிப்பு: ஃபைனான்ஸ் டைரக்டர் எழுதியதை மில் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றுவது எப்படி?

கேட்டவர்: பொள்ளாச்சி ரோடு

ஸ்பின்னிங் மில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஜூலை மாத பட்ஜெட் மீட்டிங்குக்கு எங்கள் டைரக்டர் எழுதிய குறிப்பு இது:

"மின்செலவு ரூ.127.68 லட்சம், பட்ஜெட் ரூ.120 லட்சம். நிகர மாறுபாடு ரூ.7.68 லட்சம் பாதகம் (6.4%). விலை மாறுபாடு ரூ.7.98 லட்சமும் பயன்பாட்டு மாறுபாடு ரூ.5.70 லட்சமும் பாதகம்; ரூ.6 லட்சம் சாதகமான அளவு மாறுபாட்டால் இது பகுதியளவு ஈடுசெய்யப்பட்டது. காற்றாலை வரவுக் குறைவு காலவேறுபாடே, ஆண்டிறுதிக்குள் சீராகும்."

பட்ஜெட்: 4 லட்சம் கிலோ நூல், கிலோவுக்கு 4 யூனிட், யூனிட் ரூ.7.50. நடந்தது: 3.8 லட்சம் கிலோ, 4.2 யூனிட், ரூ.8. இதைப் படித்துவிட்டு ஸ்பின்னிங் மாஸ்டர், "6 லட்சம் மிச்சம் பிடித்திருக்கிறோமே" என்கிறார். எம்.டி. "அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். எப்படி மாற்றி எழுதுவது?

மில்கணக்கு

மாஸ்டர் மேல் தப்பில்லை. "சாதகம்" என்று எழுதினால் நல்ல சேதி என்றுதானே யாரும் படிப்பார்கள்? அந்த 6 லட்சம் யாரும் மிச்சம் பிடித்தது இல்லை. 20,000 கிலோ நூல் ஓடவே இல்லை, ஓடாத நூலுக்குக் கரண்ட் செலவாகவில்லை. அவ்வளவுதான். கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு லைட் பில் குறைந்தது என்று சொல்வது மாதிரி.

குறிப்பின் பெரிய கோளாறு அதன் நடையில் இல்லை, "ஈடுசெய்யப்பட்டது" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. உற்பத்தி குறைந்ததையும் கரண்ட் விலை ஏறியதையும் ஒரே தராசில் போட்டு, ஒன்று மற்றதைச் சமன் செய்துவிட்டதாகக் காட்டுகிறது. இரண்டும் கெட்ட சேதி. முதலில் அந்த 6 லட்சத்தைத் தனியே எடுத்து வையுங்கள். ஓடிய 3.8 லட்சம் கிலோவுக்குப் பட்ஜெட் கணக்குப்படி 114 லட்சம் ஆகியிருக்க வேண்டும், ஆனது 127.68. உண்மையான இடைவெளி 13.68 லட்சம். பேச வேண்டிய எண் இதுதான், 7.68 அல்ல.

தணிக்கைத்தம்பி

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. போர்டில் இருக்கிற அட்டவணையில் 7.68 என்று இருக்கும், குறிப்பில் 13.68 என்று இருக்கும். அடுத்த நிமிடம், "எந்த எண் சரி?" என்று கேட்பார்கள். விலை, பயன்பாடு, அளவு என்று பிரித்தது தற்செயல் இல்லை. மூன்றையும் கூட்டினால் அட்டவணையோடு பைசா சுத்தமாகப் பொருந்தும். அந்தப் பெயர்களை எடுத்துவிட்டுக் கதை மாதிரி எழுதினால் மூன்று மாதம் கழித்து யாராலும் சரிபார்க்க முடியாது. வேண்டுமானால் படிப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுங்கள்.

சிவப்புபச்சை

இவ்வளவு குழப்பம் எதற்கு? 5 சதவீதத்துக்கு மேல் போனால் சிவப்பு, உள்ளே இருந்தால் பச்சை. பச்சைக்கு விளக்கமே வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் பக்கம் பக்கமாக எழுதுவதால்தான் யாரும் படிப்பதில்லை.

மில்கணக்கு

எல்லா வரிக்கும் எழுத வேண்டாம் என்பது சரி. ஆனால் நிறத்தை நிகர எண்ணின் மேல் பூசினால் ஆபத்து. இதே மாதம் உற்பத்தி இன்னும் 10,000 கிலோ குறைந்திருந்தால், நிகர வித்தியாசம் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கி வரி பச்சையாகியிருக்கும். மில் இன்னும் மோசமாக ஓடியதற்குப் பரிசு பச்சை நிறம்! உற்பத்திக்கேற்ப மாற்றிய பட்ஜெட்டோடு ஒப்பிட்டுப் பிறகு நிறம் போடுங்கள்.

தணிக்கைத்தம்பி, எண்களைக் கூட்டிப் பார்க்கிற அட்டவணை இருக்கட்டும், குறிப்புக்குக் கீழே நான்கு வரியில். படிப்பவர் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

மருத்துவமனை நிர்வாகம்

எங்கள் அறக்கட்டளை மருத்துவமனையிலும் இதே கதைதான். நர்ஸ் சம்பளத்தில் "சாதகம்" என்று வருகிறது, ஆள் இல்லாத இடத்தை ஏஜென்சி நர்ஸை வைத்து நிரப்பிய செலவு "பிற சேவைகள்" வரியில் பாதகமாக வருகிறது. இரண்டு குறிப்பையும் இரண்டு பேர் எழுதுகிறார்கள். எந்த மென்பொருள் வாங்கினால் இரண்டும் ஒரே இடத்தில் வரும்?

மில்கணக்கு

மேடம், அதற்கு மென்பொருள் வேண்டாம். இரண்டு வரியையும் "நர்ஸ் பணிக்கு ஆன மொத்தச் செலவு" என்று சேர்த்து ஒரே குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். காரணம் ஒன்று என்றால் குறிப்பும் ஒன்று. கணக்குத் தலைப்பு வாரியாகக் குறிப்பு எழுதுகிற வரை இந்தச் சிக்கல் தீராது.

கேட்டவருக்கு: காற்றாலை விஷயம் என்ன? "காலவேறுபாடு" என்று எதை வைத்து எழுதினார்கள்?

பொள்ளாச்சி ரோடு

காற்றாலை எங்கள் சொந்தம் இல்லை, குழு ஒப்பந்தத்தில் வாங்குகிறோம். அந்த யூனிட் ரூ.6, ஈபி யூனிட் ரூ.9. பாதிக்குப் பாதி என்று பட்ஜெட் போட்டோம். ஜூலை 1 முதல் ஒரு காற்றாலை கியர்பாக்ஸ் பழுதாகி நிற்கிறது, ஆகஸ்ட் 10-இல் ஓடும் என்கிறார்கள். அதனால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. உற்பத்தி குறைந்ததற்குக் காரணம் மூன்றாம் ஷிப்டில் ஆள் பற்றாக்குறை.

மில்கணக்கு

அப்படியானால் "காலவேறுபாடு" தவறு. "ஈடுசெய்யப்பட்டது" என்பதைவிடப் பெரிய தவறு இதுதான். காற்று ஓட்டிய யூனிட் கணக்கில் சேர்ந்திருந்து, நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால் காலவேறுபாடு. இங்கே யூனிட் உற்பத்தியே ஆகவில்லை. அதுவும் காற்று சீசன் நடுவில். செப்டம்பருக்குப் பிறகு காற்றாலை நன்றாக ஓடினாலும் காற்று இருக்காது. போன யூனிட் போனதுதான்.

"ஆண்டிறுதிக்குள் சீராகும்" என்று எழுதினால் எம்.டி. எதுவும் செய்ய மாட்டார். உண்மையை எழுதினால், ஒப்பந்தத்தில் குறைவுக்கு இழப்பீடு உண்டா என்று இன்றைக்கே புரட்டுவார்.

எலெக்ட்ரிக்கல் மணி

கணக்குக்காரர்கள் ஒரு இடத்தில் மெயின்டனன்ஸ் மேல் பழியைப் போடப் போகிறீர்கள், அதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். யூ.கே.ஜி., அதாவது கிலோவுக்கு ஆகும் யூனிட், 4-லிருந்து 4.2 ஆனது முழுக்க விரயம் இல்லை. ஹியுமிடிஃபிகேஷன் ஃபேன், லைட் எல்லாம் நூல் குறைந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பட்ஜெட்டின் 16 லட்சம் யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3.2 லட்சம், இப்படி நிலையான லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.8 லட்சம் கிலோவுக்கு 15.36 லட்சம் யூனிட் நியாயம். ஆனது 15.96. கேள்வி கேட்க வேண்டியது 60,000 யூனிட்டுக்குத்தான், 76,000-க்கு அல்ல.

அந்த 60,000-இலும் முதலில் கவுன்ட்டைப் பாருங்கள், நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்கிற நம்பர் அது, நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40-க்குப் பதில் 50-ஆம் நம்பர் அதிகம் ஓட்டியிருந்தால் கிலோவுக்கு யூனிட் ஏறத்தான் செய்யும். உற்பத்தியை 40-க்கு மாற்றிக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் கம்ப்ரஸர் காற்றுக் கசிவு. ஆகஸ்ட் 15 மில் லீவில் மெஷின்கள் நிற்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, எத்தனை நிமிடம் லோடில், எத்தனை நிமிடம் அன்லோடில் என்று குறியுங்கள். யாரும் காற்றை எடுக்காதபோது லோடில் ஓடுகிற நேரம்தான் கசிவு.

மில்கணக்கு

மணி சார் சொன்னது என் 13.68-ஐயும் திருத்துகிறது. நிலையான லோடைக் கணக்கில் எடுத்தால் நியாயமான செலவு 115.20 லட்சம், இடைவெளி 12.48. நான் எல்லா யூனிட்டும் கிலோவோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்று போட்டுவிட்டேன். இப்படி எழுதலாம்:

"ஜூலையில் மின்சாரத்துக்குப் பட்ஜெட்டைவிட ரூ.7.68 லட்சம் கூடுதலாகச் செலவானது. ஆனால் நூல் 20,000 கிலோ குறைவு. ஓடிய நூலுக்கு ஆகியிருக்க வேண்டிய செலவோடு ஒப்பிட்டால் கூடுதல் ரூ.12.48 லட்சம்.

இதில் ரூ.7.98 லட்சம் காற்றாலை நின்றதால். 2.66 லட்சம் யூனிட்டை ரூ.6-க்குப் பதில் ரூ.9-க்கு ஈபியில் வாங்கினோம். இது திரும்பி வராது. ஆகஸ்ட் 10-இல் ஓடினாலும் ஆகஸ்டிலும் சுமார் ரூ.2.6 லட்சம் கூடும். ஒப்பந்தப்படி இழப்பீடு கேட்கலாமா என்று எம்.டி. முடிவு செய்ய வேண்டும்.

மீதி ரூ.4.50 லட்சம் எதிர்பார்த்ததைவிட 60,000 யூனிட் அதிகம் ஓடியதால். காரணம் இன்னும் உறுதியாகவில்லை. கவுன்ட் மாற்றத்தை ஸ்பின்னிங் மாஸ்டரும், காற்றுக் கசிவை ஆகஸ்ட் 15 சோதனையில் எலெக்ட்ரிக்கலும் பார்க்கிறார்கள்."

"பாதகம்", "சாதகம்" இல்லை. மைனஸ் குறியும் இல்லை. வருமானம் காட்டும் வரியில் மைனஸ் கெட்டது, செலவு காட்டும் வரியில் நல்லது என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது படிப்பவர் வேலை இல்லை.

தணிக்கைத்தம்பி

நன்றாகத்தான் இருக்கிறது. காரணம் தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியது எனக்குப் பிடித்தது. ஆனால் 20,000 கிலோ ஓடாததால் என்ன இழப்பு என்று ஏன் சொல்லவில்லை? விளைவைச் சொல்வதுதானே உங்கள் வாதம்?

மில்கணக்கு

சொல்ல வேண்டும், இந்த வரியில் அல்ல. கிலோவுக்கு மாறும் செலவு போக ரூ.30 நிற்கிறது என்று வைத்தால் 6 லட்சம் போச்சு. அந்த 30-லேயே கரண்ட் கழிந்துவிட்டது. இங்கேயும் எழுதினால் ஒரே இழப்பை இரண்டு தடவை எண்ணுவார்கள். விற்பனைக் குறிப்பில் எழுதிவிட்டு இங்கே "உற்பத்திக் குறைவின் விளைவு விற்பனைக் குறிப்பில்" என்று ஒரு வரி போதும்.

தணிக்கைத்தம்பி

ஆகஸ்டில் அந்த 20,000 கிலோவை ஓட்டிக் கொடுத்துவிட்டால்? அது காலவேறுபாடு ஆகிவிடுமே.

எலெக்ட்ரிக்கல் மணி

மூன்று ஷிப்டும் ஓடுகிற மில்லில் எந்த ஷிப்டில் ஓட்டுவீர்கள் தம்பி?

பொள்ளாச்சி ரோடு

மாற்றி எழுதியதை டைரக்டரிடம் காட்டினேன். முதல் இரண்டு பத்தியும் சரி என்றார். மூன்றாம் பத்தியில் "காரணம் உறுதியாகவில்லை" என்பதை மட்டும் அடித்துவிட்டு, "பராமரிப்புக் குறைவு" என்று போடச் சொல்கிறார்.

எலெக்ட்ரிக்கல் மணி

கவுன்ட் கணக்கு வந்ததா?

பொள்ளாச்சி ரோடு

இல்லை. மாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன்.