டீயில் போடும் இனிப்புப் பொடி சுகரை ஏற்றுமா?

காவிரிக்கரை: செயற்கை இனிப்பு சுகரை ஏற்றாது என்று இங்கே அடித்துச் சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காலை வெறும் வயிற்றில் 128. ஒரு டம்ளர் பால் டீயில் சீனிக்குப் பதில் இரண்டு பாக்கெட் இனிப்புப் பொடி போட்டுக் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் 151. 23 புள்ளி எங்கிருந்து வந்தது? பதில் சொல்லுங்கள்.

தெற்குவாசல்: பாலிலிருந்து. டம்ளரில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

காவிரிக்கரை: தண்ணீர் சேர்ப்பதில்லை. 150 மில்லி பால். அதை முப்பது வருடமாகக் குடிக்கிறேன். புதிதாக வந்தது பொடி மட்டும்தான்.

மருந்துக்கடை: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள் ஐயா. சுக்ராலோஸ் சீனியைவிட 600 மடங்கு இனிப்பு. ஒரு டீக்கு வேண்டியது சில மில்லிகிராம்தான். அதைக் கையால் எடுத்துப் போட முடியாது என்பதால் டெக்ஸ்ட்ரோஸும் மால்டோடெக்ஸ்ட்ரினும் கலந்து ஒரு கிராம் ஆக்குகிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸேதான். ஏற்றியது அந்தப் பொடி. வழக்கு முடிந்தது.

தெற்குவாசல்: முடியவில்லை. இரண்டு பாக்கெட்டில் மாவுச்சத்து சுமார் 2 கிராம். 150 மில்லி பசும்பாலில் லாக்டோஸ் சுமார் 7 கிராம். குடலில் அதில் பாதி குளுக்கோஸாகவும் பாதி காலக்டோஸாகவும் பிரியும். 7 கிராமை விட்டுவிட்டு 2 கிராமைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள்? டைப் 1 உள்ள பெரியவர்களுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து மூன்று நான்கு புள்ளி ஏற்றும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் எந்தப் பக்கம் கனம் என்று தெரிந்துவிடும். இதோடு காலை நேரம் வேறு. விடியலில் ஹார்மோன்கள் ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளுவதால் பல சர்க்கரை நோயாளிகளுக்கு எதுவும் சாப்பிடாமலே ரீடிங் ஏறும். டீயில் உள்ள கஃபீனும் சிலருக்குக் கொஞ்சம் ஏற்றும். இத்தனையும் சேர்ந்ததுதான் உங்கள் 23.

மருந்துக்கடை: பொடியில் குளுக்கோஸ் இருக்கிறதா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

தெற்குவாசல்: இருக்கிறது. பாலில் அதைவிட அதிகம் வருகிறது. இரண்டையும் எடை போடாமல் ஒரே வார்த்தையில் கேட்டால் இப்படித்தான்.

வேலூர் மகள்: என் அம்மாவுக்கு டைப் 2. சீனியை நிறுத்தி ஒரு வருடமாக இனிப்பு மாத்திரைதான். ஆனாலும் மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.2-க்குக் கீழே இறங்கவில்லை. மாத்திரை போலியா? எந்தப் பிராண்டு நல்லது?

தெற்குவாசல்: மாத்திரையில் குற்றம் இருக்காதம்மா. அது பாக்கெட்டைவிட மிகச் சிறியது, அதில் உள்ள லாக்டோஸ் கணக்கிலேயே வராது. அம்மா ஒரு நாளைக்கு எத்தனை டீ, கூட என்ன சாப்பிடுகிறார்?

வேலூர் மகள்: ஐந்து டீ இருக்கும். ஒவ்வொரு டீக்கும் இரண்டு மேரி பிஸ்கட் தொட்டுக்கொள்வார். சீனி இல்லாத டீதானே என்று நாங்கள் எதுவும் சொல்வதில்லை.

தெற்குவாசல்: ஒரு டீக்கு 100 மில்லி பால் என்றால் ஐந்து டீயில் 25 கிராம் அளவுக்கு லாக்டோஸ். ஒரு பிஸ்கட்டில் நான்கைந்து கிராம் மாவுச்சத்து, பத்து பிஸ்கட்டுக்கு நாற்பதைத் தாண்டும். பிராண்டை மாற்றுவதற்குப் பதில் பிஸ்கட்டை நிறுத்துங்கள். அதோடு 8.2-ஐ டீயை வைத்து மட்டும் சரிசெய்ய முடியாது, மருந்தளவை டாக்டர் பார்க்கட்டும்.

காவிரிக்கரை: என் கேள்வியை விட்டுவிட்டு பிஸ்கட் கதையா? வெந்தயம் பற்றி நான் எழுதியபோதும் இவர் இப்படித்தான் நடுவில் புகுந்து கெடுத்தார். இஸ்ரேலில் 2014-இல் சாக்கரினைக் கொடுத்துக் குளுக்கோஸ் ஏறியதை நிரூபித்திருக்கிறார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தெற்குவாசல்: வைஸ்மான் நிறுவனத்தின் ஆய்வு அது. பெரும்பகுதி எலிகளில் செய்தது. மனிதர்கள் ஏழே பேர், நான்கு பேருக்கு மாற்றம் தெரிந்தது. அதைவிட வலுவானதை நானே எடுத்துத் தருகிறேன். அதே குழு 2022-இல் 120 பேரை வைத்துச் செய்தது. இரண்டு வாரம் சாக்கரினோ சுக்ராலோஸோ எடுத்தவர்களுக்குக் குளுக்கோஸ் கரைசல் குடித்த பிறகு வந்த ஏற்றம் கூடியது. ஆஸ்பர்டேமிலும் ஸ்டீவியாவிலும் அந்த அளவுக்கு இல்லை. பாக்கெட்டில் நிரப்பும் குளுக்கோஸை மட்டும் ஒரு குழுவுக்குத் தனியாகக் கொடுத்தும் ஒப்பிட்டார்கள், மருந்துக்கடைக்காரர் கவனிக்கவும். குடல் நுண்ணுயிரி வழியாக, ஆளுக்கு ஆள் மாறி, நாள்பட வரும் விளைவு அது. ஒரு டம்ளர் டீ குடித்து ஒரு மணி நேரத்தில் வரும் 23 வேறு விஷயம்.

காவிரிக்கரை: அப்படியானால் ஏற்றும் என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

தெற்குவாசல்: நான் எழுதாததைப் படிக்காதீர்கள். சென்னையில் டைப் 2 உள்ளவர்களுக்கு டீ, காபியில் சீனிக்குப் பதில் சுக்ராலோஸ் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள், 2024-இல் வெளிவந்தது. எச்பிஏ1சி-யில் சொல்லும்படி மாற்றமில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எடை மட்டும் கொஞ்சம் குறைந்தது.

காவிரிக்கரை: 12 வாரத்தில் என்ன தெரியும்? உங்களுக்குப் பிடித்த ஆய்வு சரி, எனக்குப் பிடித்தது எலி.

தெற்குவாசல்: சரி, ஆய்வுகளை விடுங்கள். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு காலை எதுவும் குடிக்காமல். இன்னொரு காலை வெறும் தண்ணீரில் இரண்டு பாக்கெட். மூன்றாவது காலை பொடி போடாத பால் டீ. ஒரே நேரம், குடிப்பதற்கு முன் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள். பாக்கெட்டைக் கிழித்த விரலில் பொடி ஒட்டியிருந்தால் அதுவே ரீடிங்கைத் தூக்கிவிடும்.

காவிரிக்கரை: இன்று தண்ணீரில் இரண்டு பாக்கெட் கலந்து குடித்தேன். கை கழுவினேன். 131, பிறகு 136. ஏறியதா இல்லையா?

மருந்துக்கடை: ஏறியது! நான் முதலிலிருந்து சொன்ன 2 கிராம். அவர் தந்த கணக்கே ஆறேழு புள்ளி காட்டுகிறது.

தெற்குவாசல்: 5 புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நூறுக்கு மேலே போனால் லேப் மதிப்பிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்று மீட்டருக்கான தர விதியே அனுமதிக்கிறது. அதே விரலில் உடனே இன்னொரு முறை குத்தினாலும் 131 இருந்த இடத்தில் 138 வரலாம். அந்தப் பொடியில் 5 ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். ஆனால் அதே இரண்டு பாக்கெட் பாலோடு 23, தண்ணீரோடு 5. இதைப் பார்த்த பிறகுமா பொடியைப் பிடிக்கிறீர்கள்?

காவிரிக்கரை: மீட்டர் பொய் என்றால் முதல் நாள் 23-ம் பொய்தானே? உங்களுக்கு வேண்டியபோது மீட்டர் நிஜம், வேண்டாதபோது பொய்.

தெற்குவாசல்: அதனால்தான் ஒரு நாள் ரீடிங்கை வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள் என்கிறேன். ஒவ்வொன்றையும் மூன்று நாளாவது பாருங்கள். எதுவும் குடிக்காத காலையை ஏன் இன்னும் பார்க்கவில்லை?

காவிரிக்கரை: ஒன்றும் குடிக்காமல் உட்கார்ந்து ஸ்ட்ரிப்பை வீணாக்க எனக்குப் பைத்தியமா? ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை தெரியுமா?

வேலூர் மகள்: ஸ்டீவியா மாத்திரை வாங்கலாமா? அதிலும் பால் கணக்கு உண்டா?

மருந்துக்கடை: எதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் வேண்டாம். இதைச் சொன்னதற்குத்தான் இங்கே எனக்கு இவ்வளவு பேச்சு.

தெற்குவாசல்: பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னது சரி. பால் பாக்கெட்டுக்கும் ஒரு பின்பக்கம் இருக்கிறது, அதையும் படிக்கச் சொல்லுங்கள். காவிரிக்கரை, பொடி போடாத பால் டீயின் ரீடிங் எங்கே?

காவிரிக்கரை: பொடி போடாத டீயை என்னால் குடிக்க முடியாது. 136 என்பது 131-ஐவிடப் பெரிய எண்ணா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.