பாளை மார்க்கெட்டில் ஆச்சி கட்டிய 180 ரூபாய்

கோமதி: எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு பாளை மார்க்கெட்டில் ஆச்சி தன் கையாலேயே போனில் காசு கட்டிட்டாங்க! சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் சேர்த்து 180 ரூபாய்.

முருகன் சித்தப்பா: நம்ம ஆச்சியா? சுருக்குப்பை என்னாச்சு?

கோமதி: இடுப்பில்தான் இருந்தது சித்தப்பா. 500 ரூபாய்க்கு அண்ணாச்சியிடம் சில்லறை இல்லை. ஆச்சி உடனே போனை எடுத்து, அட்டையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகை முந்தானையால் துடைச்சு ஸ்கேன் பண்ணினாங்க. திரையில் ஒரு பொம்பளை பேர் வந்தது. "இது யாருய்யா?"ன்னு நிறுத்திட்டாங்க. "என் வீட்டுக்காரி கணக்கு ஆச்சி"ன்னு அவர் சொன்ன பிறகுதான் தொகையே போட்டாங்க.

கார்த்தி அத்தான்: அருமை. அந்தப் பேரைப் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை.

கோமதி: முதலில் 1800 விழுந்திருச்சு. வாய்விட்டுப் படிச்சுப் பார்த்ததால் ஒரு சைபரை அழிச்சாங்க. அப்புறம் முந்தானையால் மறைச்சுக்கிட்டு பின் நம்பர். ஆனா வட்டம் சுத்திக்கிட்டே இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் இல்லை. பின்னால் ஒரே கூட்டம்.

சரோஜா அத்தை: இன்னொரு தடவை அனுப்ப வேண்டியதுதானே? போகாத பணம் தானா திரும்பி வந்திரும்.

கார்த்தி அத்தான்: தோல்வின்னு ஆனா திரும்பிரும், சரிதான் அத்தை. ஆனா பாதியில் நிற்கும்போது மறுபடி அனுப்பினால் ரெண்டுமே போய்ச் சேரலாம். அப்புறம் பேங்க் திருப்பாது, கடைக்காரர் மனசு வைச்சுக் கொடுக்கணும். பேங்க் குறுஞ்செய்தியையும் பணம் போன வரலாற்றையும் பார்த்துட்டுத்தான் அடுத்தது.

மணி மாமா: எனக்கு கேஸ் மானியம் இன்னும் வரலை. பின் நம்பர் போட்டா வருமா?

கார்த்தி அத்தான்: போட்டுராதீங்க மாமா! பணம் வாங்க பின் நம்பரே வேண்டாம். பணம் தர்றதாச் சொல்லி அதைக் கேட்டாலே நம்ம பணம் வெளியே போகப்போகுதுன்னு அர்த்தம். மானியத்தை பேங்கில் நேரில் போய்க் கேளுங்க.

மணி மாமா: ஒருத்தன் போனில் கேட்டானே...

கார்த்தி அத்தான்: கொடுத்துட்டீங்களா? இப்பவே கூப்பிடுறேன், போனை எடுங்க.

முருகன் சித்தப்பா: கோமதி, ஆச்சி கதை பாதியில் நிக்குது.

கோமதி: அண்ணாச்சி "நீங்க போங்க ஆச்சி, வந்திரும்"னார். "சத்தம் கேக்காம நான் நவுற மாட்டேன்"னு வெங்காய மூட்டை மேல உட்கார்ந்துட்டாங்க. கொஞ்ச நேரத்தில் பணம் வந்ததைச் சொல்லும் கடைப் பெட்டி, "நூற்று எண்பது ரூபாய் பெறப்பட்டது"ன்னு சொல்லிச்சு. சுத்தி நின்ன எல்லாருக்கும் சிரிப்பு. ஆச்சி எழுந்து, "காசு வந்துட்டுல்லா, கறிவேப்பிலை போடு"ன்னாங்க.

சரோஜா அத்தை: எங்கம்மால்லா!

முருகன் சித்தப்பா: ஆச்சி போனில் இருக்கிறது பென்ஷன் கணக்குல்லா? மொத்தப் பணமும் அதில் இருக்கே. சின்னதாத் தனிக் கணக்கு தொடங்கிருவோமா?

கோமதி: கேட்டேன் சித்தப்பா. "என் பணத்தை நான் பாத்துக்கிடுதேன்"ங்காங்க. நீங்களே வந்து பேசுங்க.