செலவுக் கணக்கை வாடிக்கையாளரிடம் விரித்துக் காட்டலாமா?

உளியோசை:
தனி ஆர்டரின் பேரில் மர அலமாரி, மேசை செய்து தருகிறேன். விலை சொன்னதும் "ஏன் இவ்வளவு, பிரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். முழுக் கணக்கையும் கொட்டேஷனிலேயே போட்டுவிட்டால் பேரம் குறையுமா, கூடுமா?

நூல்கண்டு:
தயங்காமல் போடுங்கள். நான் கையால் தைத்த பைகளை இணையத்தில் விற்கிறேன். தோல் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு, பேக்கிங் எவ்வளவு என்று ஒவ்வொரு பைக்குக் கீழேயும் போட்ட பிறகு "கொள்ளை விலை" என்று எழுதுபவர்கள் ஏறக்குறைய காணாமல் போனார்கள். ஆய்வும் இருக்கிறது. மோகன், புயெல், ஜான் என்ற மூவர் எழுதி 2020-ல் மார்க்கெட்டிங் சயின்ஸ் இதழில் வந்தது. பல்கலைக்கழக உணவுக்கூடம் ஒன்றில் சூப் செய்ய ஆகும் செலவைப் பிரித்து எழுதி வைத்தார்கள், விற்பனை சுமார் 21 சதவீதம் கூடியது. மறைப்பவர்மீதுதான் சந்தேகம் வரும்.

நேர்வழி:
இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? வரியைத் தனியாகக் காட்டித்தானே பில் போட வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான் போடுகிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

உளியோசை:
நேர்வழி சார், நான் கேட்டது வரியை இல்லை. மரம், கூலி, என் லாபம், இவற்றைக் காட்டலாமா என்பதுதான்.

பழைய பர்ச்சேஸ்:
நூல்கண்டு சொல்லும் ஆய்வு சரிதான், ஆனால் அந்த சூப்பை யாராவது பேரம் பேசி வாங்கினார்களா என்று யோசித்துப் பாருங்கள். விலை எழுதியிருக்கிறது, பிடித்தால் வாங்கலாம், இல்லையென்றால் நகரலாம். உங்கள் பைகளும் அப்படித்தான். உளியோசையின் நிலைமை வேறு, அவர் தரும் தாளை ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து படிப்பார். நான் பல காலம் அந்தப் பேனாவைப் பிடித்திருந்தவன். சப்ளையர் கணக்கைப் பிரித்துத் தந்தால் எங்களுக்கு அன்று வேலை சுலபம், மொத்த விலையைக் குறைக்கச் சொன்னால் முடியாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார், ஆறு வரி இருந்தால் ஆறு இடத்தில் கேட்கலாம், இரண்டிலாவது இறங்கி வருவார்.

ஒரு அலமாரியின் விலையை 100 என்று வையுங்கள். மரம் 34, கீல், பூட்டு, பாலிஷ் எல்லாம் சேர்த்து 9, கூலி 30, பட்டறை வாடகை, மின்சாரம், மெஷின் தேய்மானம் 12, கொண்டுபோய்ப் பொருத்த 5, மீதி 10 உங்களுக்கு. நேர்மையான கணக்குதான். இப்போது வாடிக்கையாளர் டேப்பை எடுத்து அலமாரியை அளந்து, இதில் இருக்கும் மரம் 23-க்கு மேல் வராதே என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. வாங்கிய மரத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுப்பிலும் இழைப்பிலும் முடிச்சு, வெடிப்பு என்று ஒதுக்கியதிலும் போயிருக்கும், அது அலமாரியில் தெரியாது. அதை விளக்கி முடித்தால் "சரி, மரத்தை நானே வாங்கித் தருகிறேன், 66 போதும்தானே" என்பார். போதாது. அவர் கொண்டுவரும் மரம் சரியாகக் காயாமல் இருந்தால் சில மாதத்தில் கதவு முறுக்கிக்கொள்ளும், அப்போது உங்களைத்தான் கூப்பிடுவார். அந்தப் பொறுப்புக்கும் சேர்த்து 72-ஆவது கேட்க வேண்டும், ஆனால் தாளில் 34 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 28 மட்டும் கழித்தால் உங்களைத்தான் ஏமாற்றுக்காரர் என்பார்.

நூல்கண்டு:
அப்படியென்றால் 12-ஐயும் 10-ஐயும் தனியாகக் காட்ட வேண்டாம், கூலியோடு சேர்த்துவிடலாமே. எதுவுமே காட்டாவிட்டால் பாதி லாபம் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். என் சொந்த மாமாவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பழைய பர்ச்சேஸ்:
லாபத்தைப் பெரிதாக நினைப்பார்கள் என்பது உண்மை. போல்டன், வார்லாப், ஆல்பா 2003-ல் இதைத்தான் எழுதினார்கள். கடைக்காரர் விலைக்கும் வாங்கிய பொருளின் விலைக்கும் நடுவில் இருப்பது முழுக்க லாபம் என்றே மக்கள் நினைக்கிறார்கள், வாடகை, சம்பளம் எல்லாம் தானாக நினைவுக்கு வருவதில்லை. கவனிக்க வேண்டியது, அந்தச் செலவுகளை எடுத்துச் சொன்ன பிறகும் அந்த எண்ணம் முழுதாக மாறிவிடவில்லை. "உங்கள் பட்டறை வாடகையை நான் ஏன் கட்ட வேண்டும்" என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் சப்ளையர் முகத்துக்கு நேரே கேட்பார். கூலியில் சேர்த்தால் கூலி 52 ஆகிவிடும், அப்புறம் ஆசாரிக்கு நாள் சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள். லாபத்தைக் காட்டினாலோ, 100-ல் வெறும் 5 குறையுங்கள் என்று கேட்பார், சின்னத் தள்ளுபடி மாதிரி இருக்கும், உங்கள் 10-ல் பாதி போய்விடும்.

இரவுப்பணி:
மொழிபெயர்ப்பில் இதைவிட மோசம். இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொன்னார் ஒரு வாடிக்கையாளர், காட்டினேன். வேலையை நேரத்துக்கு முன்பே அனுப்பியதும் மீதி மணிகளுக்கான பணத்தைப் பிடித்துக்கொண்டார். கை வேகமாக இருப்பதற்கு அபராதம்! அதன் பிறகு பக்கத்துக்கு இவ்வளவு என்பதோடு சரி.

உளியோசை:
சரி, எதையும் காட்டக் கூடாது என்கிறீர்களா? கேட்பவரிடம் வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பது?

பழைய பர்ச்சேஸ்:
காட்டுங்கள், செலவு வாரியாக வேண்டாம், அவருக்குக் கிடைப்பது வாரியாகக் காட்டுங்கள். சட்டம், பின்பலகையோடு உடம்பு இவ்வளவு, நாலு கதவு இவ்வளவு, மூன்று இழுப்பறை இவ்வளவு, பாலிஷ், பொருத்துதல். ஒவ்வொரு வரிக்குள்ளும் மரம், கூலி, வாடகை, லாபம் எல்லாம் அதனதன் அளவில் இருக்கட்டும். அவர் விலையைக் குறைக்கச் சொன்னால் "ஒரு இழுப்பறையை எடுத்துவிடலாமா" என்று கேட்கலாம், விலை குறையும்போது உங்கள் வேலையும் குறைகிறது. எந்த வரியை அடித்தாலும் உங்களுக்கும் வேலை குறைய வேண்டும், அப்படிக் குறையாத வரி தாளில் இருக்கக் கூடாது.

ஒரே இடத்தில் மட்டும் செலவையே காட்டுவது நல்லது. பழைய வாடிக்கையாளரிடம் விலை ஏற்றும்போது.

உளியோசை:
அதுவும் இருக்கிறது. போன தடவை தந்த அதே அலமாரி, அதே வாடிக்கையாளர், மரம் 20 சதவீதம் ஏறிவிட்டது.

பழைய பர்ச்சேஸ்:
மரம் ஏறியதை மட்டும் காட்டுங்கள். 34 இப்போது ஏறக்குறைய 41, ஆகவே 100 என்பது 107. மரக்கடையின் பழைய பில்லும் புது பில்லும் பக்கத்தில் இருந்தால் போதும், மற்ற வரிகள் எதுவும் தேவையில்லை. 1986-ல் கானமன், நெட்ச், தேலர் மக்களிடம் கேட்டார்கள், பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியை 15 டாலரிலிருந்து 20 டாலராக ஏற்றினால் நியாயமா என்று. 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே ஆய்வில், செலவு கூடியதால் விலை கூடுவதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். இதைச் சாக்கு வைத்து 120 கேட்காதீர்கள், பில்லைப் பார்க்கத் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார்.

நூல்கண்டு:
நாளைக்கு மரம் இறங்கினால்? பில்லைக் காட்டி ஏற்றியவர் பில்லைக் காட்டி இறக்கத்தானே வேண்டும். அதற்குத் தயாராக இல்லாதவர் ஏற்றும்போதும் காட்டக் கூடாது.

பழைய பர்ச்சேஸ்:
அவர் கேட்டால் இறக்கலாம். தானாக முன்வந்து இறக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், கொட்டேஷனுக்கு ஒரு மாதக் கெடு போட்டால் போதும்.

நூல்கண்டு:
கேட்டால்தான் இறக்குவேன் என்பதை அந்த வாடிக்கையாளர் ஒருநாள் கண்டுபிடிப்பார் அண்ணே, அன்றைக்கு இழுப்பறைக் கணக்கையும் சேர்த்து நம்ப மாட்டார்.

நேர்வழி:
அப்போ வரியை எந்த விலையின் மேல் போடுவது, 100-க்கா 107-க்கா?